மாடிக்கு ஏறாத தண்ணீர்

அண்ணனுக்குக் கிட்னி நின்றுவிட்டது என்று அண்ணி போனில் அழுதபோது குழாய்க்காரன் ஒரு கழிவறையின் அடியில் மல்லாந்து படுத்திருந்தான். படுத்தபடியே மாரைத் தட்டிக்கொண்டான்.

"என்னோடதுல ஒண்ணை எடுத்துக்கச் சொல்லுங்க அண்ணி. ஆண்டவன் எதுக்கு ரெண்டு குடுத்திருக்கான்?"

அந்த ஆவேசத்தில் பொய் கிடையாது. அப்பா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டவர், கல்யாணம் பண்ணிவைத்தவர், அவன் போட்ட சண்டைகளுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டவர் அண்ணன்தான். கைகூடக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

கல்லீரல் டாக்டரம்மா அவன் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உங்க அண்ணன் கிட்னியில ஒரு கோளாறும் இல்லை."

"அப்புறம் ஏன் டாக்டர் நின்னுபோச்சு?"

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"பிளம்பிங்."

"அப்போ உங்களுக்குச் சீக்கிரம் புரியும். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து அவர் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போச்சு. குடல்லேர்ந்து வர்ற ரத்தம் அதுக்குள்ள போக முடியாம முட்டி நிக்குது. அந்த நெருக்கடியில வயித்துப் பக்கத்து ரத்தக்குழாயெல்லாம் விரிஞ்சு தளர்ந்துபோச்சு. ரத்தம் அங்கேயே தேங்கிடுது. உடம்பு என்ன நினைக்குது? ரத்தமே கம்மியாயிடுச்சுன்னு நினைக்குது. அதனால கிட்னிக்குப் போற குழாயை இறுக்கிப் பிடிச்சுடுது. போதாக்குறைக்கு வயித்துல தேங்கின நீர்ல போன வாரம் கிருமி வேற. அதுதான் கடைசித் தள்ளு."

"கீழ் வீட்டுல எல்லாக் குழாயும் திறந்து கிடந்தா மாடிக்குத் தண்ணி ஏறாது."

"அதேதான். மாடியில புதுக் குழாய் மாட்டினா ஏறுமா?"

ஏறாது என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய கிட்னியைக் கொண்டுபோய் அங்கே வைத்தாலும் அதுவும் நின்றுதான் போகும். ஆனானப்பட்ட தியாகம் ஒரு கேள்வியில் செல்லாக்காசானதில் அவனுக்குச் சின்ன ஏமாற்றம்கூட இருந்தது.

டாக்டரம்மா வைத்தியத்தையும் சொன்னார். நீர் பிரியக் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தியாயிற்று. கிருமிக்கு மருந்து போகிறது. ஆல்புமின் என்ற புரதத்தை நரம்பில் ஏற்றினால் ரத்தக்குழாய்க்குள் நீர் நிற்கும், தொட்டி நிரம்பும். அதை மட்டும் ஏற்றிப் பார்த்தும் கிட்னி அசையவில்லை. அதனால் கூடவே வயிற்றுக் குழாய்களை இறுக்குகிற மருந்தையும் இன்று தொடங்குகிறார்கள்.

"மருந்து கேட்டா கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அவ்வளவுதான். நிரந்தர வழி வேற கல்லீரல். உங்க ரத்த வகை என்ன?"

சொன்னான். அண்ணனுக்கும் அதே வகை.

"நல்ல கல்லீரல்ல ஒரு பங்கு போதும். மிச்சம் உங்களுக்கு மறுபடி வளர்ந்துடும். பெரிய ஆபரேஷன், ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். முதல்ல சில பரிசோதனை பண்ணணும். எப்ப வர்றீங்க?"

கிட்னி என்றபோது துள்ளிய வீரனுக்கு இப்போது தன் வீட்டு நினைப்பு வந்தது. இரண்டு பெண் குழந்தைகள் கண்முன் வந்தார்கள். குழாய் அறுக்கிற ரம்பமும் வந்தது.

"முதல்ல மருந்து கேக்குதான்னு பார்ப்போமே டாக்டர்."

அன்றிலிருந்து இரவும் பகலும் காவல் அவனுடையது. நர்ஸ் சிஸ்டர் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்றைக் கொடுத்து, அண்ணனின் மூத்திரத்தை ஒரு சொட்டு விடாமல் பிடித்துக் காட்டச் சொல்லியிருந்தார். மூத்திரத்துக்கு டியூப் போட்டால் இன்னொரு கிருமி நுழையும் என்று பயம். சிஸ்டர் அடிக்கடி வந்து அண்ணனின் விரல்களைத் தொட்டுப் பார்ப்பார். குழாய்களை இறுக்குகிற மருந்து விரல் நுனியையும் சில்லிட வைத்துவிடுமாம். விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்ஸிஜனையும் பார்ப்பார். எல்லாம் கவனித்தார்கள். ஜாடியை மட்டும் தம்பியை நம்பி விட்டார்கள்.

ஜாடியில் அடி நனையுமளவுக்குத்தான் வந்தது, கறுத்த டீத்தண்ணீர் நிறத்தில். முதல் நாள் அப்படியே காட்டினான். டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, "பரிசோதனைக்கு எப்ப வர்றீங்க?" என்றார்.

மறுநாள் கழிவறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்தான். ஜாடியில் கொஞ்சம்தான் ஊற்றினான். மருந்து கேட்கத்தான் போகிறது, ஒரு நாள் முன்கூட்டிச் சொல்வதில் என்ன வந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். தண்ணீர் வராத வீட்டில் வருகிறது என்று கையெழுத்துப் போட அவனுடைய தொழில்புத்தி ஒருநாளும் சம்மதித்திருக்காது. பயம் வந்தால் புத்தி என்ன செய்யும்?

சிஸ்டர் அளவைப் படித்ததும் அண்ணி ஜாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "தம்பி, உங்க கை ராசி!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு மூன்றாம் நாள் குறைத்துக் காட்ட அவனுக்கு எப்படி மனம் வரும்? கூடுதலாகவே ஊற்றினான். பரிசோதனைப் பேச்சும் நின்றது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் இலை தாங்காது. அடுத்த ரத்த அறிக்கையில், கிட்னி வெளியேற்றாத கழிவைக் காட்டும் கிரியாட்டினின் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"சில சமயம் மூத்திரம் முதல்ல வரும். ரத்தம் பிந்தித்தான் இறங்கும். நீர்தான் நல்லா போகுதே, ஆல்புமினைக் குறைக்க வேண்டாம்."

அண்ணனால் எழுந்து நிற்க முடியாததால் எடை பார்க்கவும் வழியில்லை. ஆல்புமின் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இறங்கின. வெளியே போனதெல்லாம் கழிவறைக் குழாயின் தண்ணீர். குழாய்க்காரனுக்கு அந்தக் கணக்கு தெரியும். தொட்டிக்குள் விட்டுக்கொண்டே இருந்தால், போக வழியில்லாதது எங்காவது ஒழுகித்தானே ஆக வேண்டும்?

ஐந்தாம் நாள் பிற்பகலில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை, எழுந்து உட்காரவும் தெம்பில்லை. கிளிப்பின் எண் சரியச் சரிய கருவி கத்தத் தொடங்கியது. சிஸ்டர் முகமூடியை மாட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். அண்ணன் தம்பியின் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன.

"கதவைச் சாத்தினா... குழாய்ச் சத்தம் கேக்காதாடா?"

தம்பி முகமூடியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டான்.

"நீ ஊத்தின முதல் நாளே தெரியும். நான்தான் சொல்லலை." மூச்சு இழுத்தார். "உன்னை அறுக்க... எனக்கும் மனசில்லை."

நெஞ்சுப் படம் வந்தது. இரண்டு நுரையீரலிலும் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. டாக்டரம்மா படத்தையும் சிஸ்டர் எழுதியிருந்த அளவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு வெளியே போயிருக்கு. அப்புறம் எப்படி இங்க நீர் கட்டுச்சு?"

"போகலை டாக்டர். நான் தண்ணி ஊத்தினேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. சிஸ்டரிடம் திரும்பி, "ஆல்புமினையும் குழாய் இறுக்கற மருந்தையும் நிறுத்துங்க. ஐசியூல படுக்கை கேளுங்க, டயாலிசிஸ்ல நீரை எடுக்கணும்" என்றார்.

அவன் அவர் பின்னாலேயே ஓடினான். "டாக்டர், என் கல்லீரலை எடுத்துக்கங்க. இப்பவே படுக்கறேன். சத்தியமா."

"இந்த நுரையீரலோட அவருக்கு மயக்க மருந்து குடுக்க முடியாது. முதல்ல நீர் வடியணும். ரத்த அழுத்தம் தாங்கணும். உங்க பரிசோதனையும் நாலு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும்." நடந்துகொண்டே சொன்னார். "பரிசோதனைக்கு ரத்தம் குடுத்துட்டு இருங்க. பார்ப்போம்."

படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வார்டில் அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. கீழே போய் மருந்து வாங்கி வந்த அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. கட்டிலுக்கு அடியில் இருந்த ஜாடியைத் தேடி எடுத்துக்கொண்டு அவனிடம் ஓடிவந்தாள்.

"என்ன தம்பி, எங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க? இன்னிக்கு அளவு காட்டவே இல்லையே. நேத்து இதுல முக்கால் ஜாடி வந்துச்சே!"

அவன் ஜாடியை வாங்கி அவள் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்தான். அடியில் கறுப்பாக, ஒரு மூடி அளவு தேங்கியிருந்தது.

"இதுதான் அண்ணி. எல்லா நாளும் இவ்வளவுதான் வந்துச்சு."