பதினோராவது கல்

முந்நூறு அடி நீளத்துக்குப் பத்தடிக்கு ஒரு கல் நட்டால் எத்தனை கல் வேண்டும்? எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முப்பது என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். காரிமங்கலத்தில் என் அண்ணன் குப்புராஜ் வேலிக்கல் கடை வைத்த முதல் மாதம், ஒருவருக்கு முப்பது கல் ஏற்றி அனுப்பிவிட்டேன். கடைசி மூலையில் கல் இல்லாமல் கம்பி காற்றில் ஆடியது. அண்ணன் ஆட்கள் முன்னாலேயே என்னைப் பிடித்துத் திட்டினான்.

"கல்ல எண்ணாத பானு, கல்லுக்கு நடுவுல இருக்கற எடத்த எண்ணு! முந்நூறு அடியில பத்தடி முப்பது எடம் இருக்கு. மொத எடம் தொடங்கறதுக்கே ஒரு கல்லு வேணுமில்ல? அப்ப முப்பத்தியொண்ணு."

ரோஷம் வந்தது. ஆனால் அன்றோடு புத்தியும் வந்தது. அதன்பின் ஆறு வருஷமாக நான் தவறியதில்லை. தோட்டத்தைச் சுற்றிவந்து தொடங்கிய கல்லிலேயே வேலி முடிகிறதா, அப்போது முப்பதே போதும் என்பேன். தைல மரத்தை ஐந்து துண்டாக அறுக்க ஐந்து வெட்டு என்று சண்டை பிடிக்கிறவரிடம், "நாலு வெட்டுதாங்க, அஞ்சாவது துண்டு தானா மிஞ்சும்" என்பேன். இதெல்லாம் அடுத்தவன் நிலத்துக்கு. என் நிலத்துக்கு என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

அப்பா விட்டுப்போன நிலம் ரோட்டோரமாக இருநூறு அடி. பத்தடிக்கு ஒன்றாக இருபத்தியொரு கல் வரிசையாக நிற்கிறது. ஆளுக்குப் பாதி என்று பேச்சு. போர்வெல் பத்தாவது கல்லுக்கும் பதினோராவது கல்லுக்கும் நடுவே, என் பாதிக்குள் இருந்தது. "போர் உனக்கு வரட்டும், நான் வேற போட்டுக்கறேன்" என்று அண்ணனே வாய் நிறையச் சொன்னான். வானம் பார்த்த பூமி எங்களுடையது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் இனிமேல் கடைக்கு வரமாட்டேன், தக்காளி வைக்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பத்திரம் எழுதுவதற்கு முன்னால் கல் காட்டப் போனோம்.

"மொதக் கல்லுல இருந்து பத்தாங்கல்லு வரைக்கும் உனக்கு. மிச்சம் எனக்கு. ஒரு கல்லு எனக்குக் கூட வருது. கடைசியில இரும்பு கேட்டு போடறதுக்கு ஆவும். ஒரு கல்லுதான, என்ன சொல்ற?"

"ஒரு கல்லுக்கெல்லாம் என்னண்ணா கேட்டுக்கிட்டு" என்று சிரித்தேன். சிரித்தேன்! அண்ணன் காட்டிய கல்லிலிருந்து சர்வேயர் அளந்தார். பத்திரத்தில் எல்லாம் மீட்டரில் இருந்தது. கூடப் பிறந்தவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பதிவாகிப் பத்தாம் நாள், முந்தின நாள் நட்ட நாலு வரிசை போக மீதி நாற்றுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனேன். அண்ணனிடம் வேலை செய்கிற சின்னராஜ் நிலத்துக்குக் குறுக்கே குழி தோண்டிக் கல் நட்டுக்கொண்டிருந்தான். கம்பிச் சுருள் பக்கத்தில் கிடந்தது. வேலி பத்தாவது கல்லிலிருந்து கிளம்பியது. போர்வெல் அந்தப் பக்கம்.

"ஏய் சின்னராஜ், என்ன இது? ஒரு கல்லு தள்ளி நட்டுட்டிருக்க. போரு எங்கிருக்கு பாரு."

"அண்ணன் பத்தாங்கல்லுன்னுதான் சொல்லிச்சுங்கக்கா. பத்திரத்துலயும் அதுதானாம்."

தட்டைக் கீழே வைத்துவிட்டு முதல் கல்லிலிருந்து நடந்தேன். பத்தடி, பத்தடி, பத்தடி. பத்தாவது கல்லில் கை வைத்தபோது ஒன்பது இடம்தான் நடந்திருந்தேன். தொண்ணூறு அடி. அந்தப் பக்கம் பதினோரு இடம், நூற்றுப்பத்து அடி. பாதி என்றால் பதினோராவது கல்லில் அல்லவா வேலி நிற்க வேண்டும்?

அப்போதும் பாருங்கள் என் மடத்தனத்தை, அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐயோ, அண்ணன் அவசரத்தில் கல்லை எண்ணிவிட்டானே என்று பரிதாபப்பட்டேன். போனில் கூப்பிட்டு, "அண்ணா, தப்பாயிருச்சு, சீக்கிரம் வா, திருத்தி எழுதிரலாம்" என்றேன். "வரேன்" என்று வைத்துவிட்டான். என்ன தப்பு என்று கேட்கவே இல்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் கம்பியைப் பார்த்தான்.

"ஒரு கல்லுக்கா இவ்ளோ சத்தம்?"

"கல்லா? நடுவுல இருக்கற எடம்ணா. போரு அதுலதான் இருக்கு. நீ கல்ல எண்ணிட்ட."

"எண்ணுனது எண்ணியாச்சு. தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். பதிவாயிருச்சே, என்ன பண்ணச் சொல்ற?"

நான் கேட்டேன். "நானூத்தம்பது அடி. பத்தடிக்கு ஒண்ணு. எத்தன கல்லுண்ணா?"

"நாப்பத்தாறு."

மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை, சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. சின்னராஜ் கடப்பாரையை மண்ணில் குத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அடப்பாவி! ஊரான் நிலத்தில் ஒரு கல் குறைந்ததற்கு என்னைக் கிழித்தவன், என் நிலத்தில் தெரிந்தே பத்தடியைத் தின்றிருக்கிறான். கணக்குத் தெரியாதவன் ஏமாற்றியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இவனே சொல்லிக்கொடுத்த கணக்கை நான் இவனிடம் போட்டுப் பார்க்கமாட்டேன் என்று நம்பியிருக்கிறான் பாருங்கள், அதுதான் நெஞ்சை அறுத்தது.

"எதுக்குண்ணா? கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!"

"போர கேட்டா குடுத்திருப்பியா?" என்றான் மெல்ல. "நான் ரெண்டு எடத்துல போர் போட பாயிண்ட் பாத்துட்டேன். தண்ணி இல்லைன்னுட்டாங்க."

கொடுத்திருக்க மாட்டேன்தான். ஆனால் பங்கு போட்டிருப்பேன். ஒருநாள் உனக்கு, ஒருநாள் எனக்கு என்று வைத்துக்கொண்டிருப்போம். எத்தனை குடும்பம் அப்படி இருக்கிறது!

"கேஸு கீஸுன்னு போவாத. அதான் தண்ணி இருக்கில்ல? உனக்கு எப்ப வேணுமோ ஒரு வார்த்த கேளு, தெறந்து வுடறேன். நான் என்ன வேத்தாளா?"

சொல்லிவிட்டு, பெரிய மனசுக்காரன்போல் போய் மோட்டாரைப் போட்டான். வேலிக்கு அடியிலிருந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஓடிவந்தது. நாலு வரிசை நாற்று வெயிலில் தலை தொங்கிக் கிடந்தது. முதல் வரிசைக்குத் தண்ணீர் வர இன்னும் பத்தடி இருக்கும்.

இன்றைக்குக் கேட்பேன். நாளைக்கும் கேட்பேன். காய் பிடிக்கிற நேரத்தில் அவன் வெளியூர் போயிருப்பான், இல்லாவிட்டால் கரண்ட் இல்லை என்பான். ஒவ்வொரு தடவையும் என் தண்ணீருக்காக நானே கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணா அண்ணா என்று நிற்க வேண்டும்.

சின்னராஜ் பக்கத்திலிருந்த மண்வெட்டியை எடுத்தேன். குழியிலிருந்து வந்த மண்ணை வாரி வாரி வாய்க்காலில் போட்டேன். தண்ணீர் முட்டி நின்று, திரும்பி அவன் பக்கமே வழிந்தது.

"பைத்தியமா உனக்கு? செடி காயுது பானு!" என்று கத்தினான்.

"காயட்டும். அது என் செடி."

அவன் மோட்டாரை நிறுத்த ஓடினான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தட்டில் மீதியிருந்த நாற்று மாலைக்குள் வாடிவிட்டது. வேலி மட்டும் அன்றைக்கே முடிந்தது.