துடுப்பும் கவைக்கோலும்

என் மச்சினனும் நானும் ஒரே சமையற்கட்டில் வேலை செய்கிறோம். ஆனால் பேசிக்கொள்வதில்லை. செத்துப்போன என் பெண்டாட்டியின் தம்பி அவன். அவளைப் பிணமாகக் கிடத்தியிருந்தபோது நாலு பேர் முன்னால், "எங்கக்காவ வேலை வாங்கியே சாகடிச்சிட்டான்"னு கத்தினவன். அது பொய். அவளுக்கு வந்தது நெஞ்சு வலி. டாக்டரே சொன்னார். இவன் என்ன டாக்டரா?

மர அறுவை மில்லின் பின்பக்கம் தகரம் போட்ட கொட்டகைதான் எங்கள் சமையற்கட்டு. அதை ஒட்டி எனக்கு ஒரு அறை. கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. ஆனாலும் என் அறை. அடுப்பு போனால் அறையும் போகும். இந்த வயசில் வேறே எந்த முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பான்?

மத்தியானம் மில் ஆட்களுக்குக் கேழ்வரகுக் களி. மரம் தூக்குகிறவனுக்குச் சோறு நிற்காது, களிதான் நிற்கும். பெரிய பாத்திரத்தில் களி கிளற ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தன் துடுப்பைப் பிடித்துக் கிளறணும். இன்னொருத்தன் நுனி ரெண்டாகப் பிரிந்த கவைக்கோலைப் பாத்திரத்தின் கழுத்தில் கொடுத்து, அது சுழலாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளணும். கவை பிடிக்கிறவன் கையைத் தளர்த்தினால் பாத்திரம் துடுப்போடு சேர்ந்து சுற்றும், களி கிண்டுபடாது. அதனால் பேசாவிட்டாலும் நாங்கள் ஒரே பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டியிருக்கிறது. துடுப்பு என் கையில். கவை அவன் கையில். தண்ணீர் அளந்து கொதிக்கவைப்பதும் அவன் வேலை.

ஏதாவது சொல்லணும்னால் அவன் சுவரைப் பார்த்துச் சொல்வான். நான் அடுப்படியில் படுத்துக்கிடக்கும் பூனையைப் பார்த்துச் சொல்வேன்.

அந்த வாரம் களியில் கட்டி விழுந்தது. அடுத்தடுத்து ரெண்டு நாள். முதல் நாள் மரம் தூக்குகிற ஒருத்தன் உருண்டையைப் பிட்டுக் காட்டினான். உள்ளே வெள்ளையாக, காய்ந்த மாவு. "பெரியவரே, இது களியா, பொடிக் கொழுக்கட்டையா?"ன்னு கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளும் அதே கதை. சூப்பர்வைசர் வந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார்:

"பெருசு, நாளைக்கும் கட்டி வந்துச்சுன்னா கிளறுற ஆள மாத்திருவேன். ஆளுங்க வேலைய விட்டுட்டு உங்ககூட சண்டைக்கு வரணுமா?"

கிளறுகிற ஆள் என்றால் நான். மச்சினன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வெங்காயம் உரித்தான். முதுகு சிரித்த மாதிரி இருந்தது.

முந்தின வாரமே அவன் சுவரிடம் சொல்லியிருந்தான். "புது மில்லு மாவு இது. நைசா அரைச்சிருக்கான். தண்ணி ஜாஸ்தி கேக்கும்." நான் பூனையிடம், "கவை புடிக்கிறவன்லாம் மாவுக்கு ஜாதகம் எழுதுறான் பாரு"ன்னேன். நான் நம்பவில்லை. தண்ணீரைக் கூட்டச் சொல்லிக் களியைக் கூழாக்கி என்னை மாட்டிவிடப் பார்க்கிறான், வேறென்ன? என் கணக்கு மாவு ஒரு பங்குக்குத் தண்ணீர் ரெண்டு பங்கு. அதை மாற்றச் சொல்லி இன்னும் ஒருத்தனும் பிறக்கவில்லை. கட்டி விழுந்தது அவன் கவையை ஆட்டினதால். என் முடிவு அதுதான்.

மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்ததும் நான் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதி வந்தபோது எட்டிப் பார்த்தேன். பாத்திரத்தின் கைப்பிடி ஆணி தெரியணும், அந்த மட்டம்தான் என் மட்டம். அன்றைக்கு ஆணி முங்கிக் கிடந்தது. ரெண்டு பங்கு இல்லை, ரெண்டரைப் பங்குக்கு மேலேயே ஊற்றியிருக்கிறான்.

பிடித்தேன் கள்ளனை.

"திருட்டுப் பய எங்கெங்க கை வைக்கிறான் பாரு"ன்னு பூனையிடம் சொல்லிவிட்டு, சொம்பு எடுத்து மொண்டேன். ஆணி தெரிகிறவரைக்கும் கொதிநீரை மொண்டு சாக்கடையில் ஊற்றினேன். ஆவி பறந்தது. அவன் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. பக்கத்து அடுப்பில் டீக்கு வைக்கிற கெட்டிலை மட்டும் நிரப்பித் தீயை வைத்துவிட்டு வந்தான். டீ நேரம் தாண்டியாயிற்று. அதைக்கூட நான் கேட்கவில்லை.

பிறகு வழக்கமான வேலை. ஒரு கை மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொதியில் ஊற்றி உப்புப் போட்டேன். அது கஞ்சியாகக் கொதிக்க, மீதி மாவை நடுவில் குன்றாகக் கொட்டினேன். உடனே கிண்டக் கூடாது. கிண்டினால் அப்போதே கட்டி. துடுப்புக் காம்பால் குன்றின் நடுவில் அடி வரைக்கும் ஒரு ஓட்டை போட்டு, தீயைக் குறைத்து மூடினேன். தண்ணீர் அந்த ஓட்டை வழியே மேலே ஏறி மாவை வேகவைக்கணும். கால் மணி நேரம் அப்படியே விடணும். 

திறந்தால் ஓட்டையில் நுரை வரவில்லை. குன்றின் உச்சி காய்ந்து வெடித்துக் கிடந்தது. 

மனசு ஒரு மாதிரி ஆனது. இருந்தாலும் தீயை அணைத்துவிட்டுத் துடுப்பை இறக்கினேன். அவன் கவையைக் கொடுத்து அழுத்தினான். குறை சொல்ல முடியாத பிடி, அன்றைக்கு. பாத்திரம் அசையவில்லை. அசையாததுதான் எனக்கு எரிச்சல். நாலு சுற்று வருவதற்குள் துடுப்பு மரத்தில் அடித்த ஆணி மாதிரி இறுகிவிட்டது. இழுத்தால் மாவு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஒன்றைப் பிட்டேன். உள்ளே வெள்ளை.

தண்ணீர் போதவில்லை.

குழாய்த் தண்ணீரை எடுக்கப் போனேன். 

"பச்சைத் தண்ணிய ஊத்து. ஊத்து. ஒவ்வொரு கட்டியும் கோழி முட்டையாட்டம் ஆகட்டும்"னு சுவரிடம் சொன்னான். 

அது எனக்குத் தெரியாதா? பாதி வெந்த மாவில் பச்சைத் தண்ணீர் பட்டால் மேலே பசை பிடித்துக்கொள்ளும், உள்ளே மாவு மாவாகவே உட்கார்ந்திருக்கும். கொதிநீர்தான் வேண்டும். என் கொதிநீரை நானே சாக்கடையில் ஊற்றிவிட்டேன். சமையற்கட்டில் இருந்த கொதிநீர் எல்லாம் அவன் கெட்டிலில். 

அறுவை ரம்பம் சாப்பாட்டுக்கு நிற்க அதிக நேரமில்லை. நான் கெட்டிலைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். சுவரை இல்லை, என்னை.

"யோவ், அந்தத் தண்ணி" என்றேன். அவன் அக்கா செத்த நாளிலிருந்து நான் அவனிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை அது.

"எந்தத் தண்ணி?"

"கெட்டில்ல இருக்கிறது."

"அது டீக்கு."

"என்ன வெளாடுறியா? இன்னிக்கு கட்டி வந்தா என் பொழப்பு போயிரும்."

"தெரியும். அதுக்குத்தானே தண்ணி கூட ஊத்தினேன். நீதான் என் மூஞ்சிக்கு நேரா மொண்டு கொட்டுன. நீ கொட்டுவன்னு தெரிஞ்சுதான் இத வச்சேன்."

"தெரிஞ்சும் ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்தா கேட்டிருப்பியா? பூனைகிட்ட தீர்ப்பு கேட்டிருப்ப."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. 

"தண்ணி வேணுமா? துடுப்பக் குடு. கவைய நீ புடி"ன்னான். 

அந்தத் துடுப்பின் காம்பு என் உள்ளங்கை தேய்த்தே வழவழப்பானது. இன்னொருத்தன் கையில் அதைப் பார்க்கிறதைவிட மூட்டை கட்டுவது மேல் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் முழுசாகத் திறக்காத என் கதவு ஞாபகம் வந்தது. கொடுத்தேன். கொடுத்தேன் என்றால் அவன் மேல் எறியாத குறையாக.

அவன் அவசரப்படவில்லை. துடுப்புக் காம்பால் களியில் அங்கங்கே குத்தினான். கெட்டிலைச் சாய்த்து ஓரம் சுற்றிக் கொஞ்சம், குத்தின ஓட்டைகளில் கொஞ்சம். ஒரேயடியாக ஊற்றவில்லை. மூடித் தீயைச் சிறுசாக வைத்தான். ரெண்டு பேரும் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓரத்தில் புஸ் புஸ்ஸென்று ஆவி வந்ததும் தீயை அணைத்தான். கட்டியைப் பாத்திரத்தின் சுவரோடு சேர்த்து நசுக்கி நசுக்கிக் கிளறினான்.

நான் கவையை அழுத்திக்கொண்டு நின்றேன். அழுத்தும்போது ஒரு நினைப்பு வந்தது. லேசாகக் கையை விட்டால் போதும், பாத்திரம் சுற்றும், களி கெட்டுப்போகும், கிளறினவன் அவன் ஆவான். ரெண்டு வருஷக் கோபத்துக்கு ஒரு விரல் தளர்ச்சி போதும். ஆனால் சூப்பர்வைசருக்குக் கிளறுகிறவன் என்றால் நான்தான். கெட்டால் என் தலை. அதனால்தான் பிடித்தேன். அவன் மேல் பாசத்தால் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம்.

"நல்லா அழுத்து. எங்கக்காகிட்ட காட்டின வீம்ப இதுல காட்டு."

"அவளப் பத்திப் பேசின, கவையால மண்டையப் பொளந்துருவேன்."

"பொளக்குறதுக்கு மொதல்ல கவைய எடுக்கணும். எடுத்தா களி போச்சு. புடி."

பிடித்தேன்.

மறுபடி மூடி புழுங்கவிட்டுக் கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தான். ஒட்டவில்லை. நானும் தொட்டேன், அவனை நம்பாமல். ஒட்டவில்லை. மேல்பாகம் மினுமினுப்பாக வெந்திருந்தது. அடியில் மட்டும் சில கட்டிகள் கரையாமல் நின்றுவிட்டன. எத்தனை நசுக்கினாலும் அடியில் இறுகினது இறுகினதுதான்.

ஆட்கள் தட்டோடு வந்தார்கள். சூப்பர்வைசரும் வந்தார். பரிமாறுவது மச்சினன். ஈரக் கையில் உருண்டை பிடித்து வைத்துக்கொண்டே வந்தவன், சூப்பர்வைசர் தட்டருகே வந்ததும் நின்றான். மேலிருந்தும் எடுக்கலாம், அடியிலிருந்தும் எடுக்கலாம். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே கையை விட்டான். 

மேலிருந்துதான் எடுத்தான். 

சூப்பர்வைசர் பிட்டார். குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். "ம், இப்படி இருக்கணும். யாரு கிளறினது?"

"மாமாதான்"னான் மச்சினன். 

"அப்போ சரி, பெருசு. இப்படியே பண்ணு." அவர் போய்விட்டார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் அவன் என் தட்டை எடுத்தான். அடியைச் சுரண்டி, கட்டி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே உருண்டையாகப் பிடித்து அதில் வைத்தான். தனக்கு மேலே மிச்சமிருந்த நல்ல களி.

"ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கல?" என்றேன்.

"உன்ன அனுப்பிட்டா கவை புடிக்கிறதுக்கு உன் பூனையா வரும்? நாளையிலேருந்து துடுப்பு எனக்கு. தண்ணி என் கணக்கு. நீ வாயத் தொறக்காம அழுத்துற வேலை."

"சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா?"

"நீ சொல்லுவியா?"

சொல்லமாட்டேன். அதுவும் அவனுக்குத் தெரியும்.

"தின்னு, மாமா. நீ கொட்டின தண்ணிக்குப் பொறந்ததுங்க எல்லாம்."

உருண்டையைப் பிட்டேன். காய்ந்த மாவு வெள்ளையாக உதிர்ந்தது. அவன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். மாவு மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. தண்ணீர்ச் செம்பு அவன் பக்கம் இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பான். 

கேட்கவில்லை. கடைசிக் கட்டி வரைக்கும் அப்படியே விழுங்கினேன்.