நடுவில் மெத்து

பகலெல்லாம் பீடி சுற்றிய சாஜிதாவுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலியோடுதான் நேந்திரங்காய் சீவினாள். ஐந்து வயது மகள் சஃப்ரின் அப்பளம், முறுக்கு, சிப்ஸ் தவிர எதையும் தின்னமாட்டாள். தென்காசி தெரபிஸ்ட் சொன்னபடி, மெத்தென்ற சாப்பாட்டுக்கு அவளைப் பழக்க, சிப்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமனாக்கி வந்தாள். இன்றைய துண்டு ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து.

"தின்னுட்டி!" என்றான் கணவன் ஆசிக்.

"சும்மா இருங்க. மோந்து பார்ப்பா, நக்குவா, துப்பவும் செய்வா. அவ இஷ்டம்."

சஃப்ரின் வாப்பாவின் தட்டைப் பார்த்தாள். பாகற்காய் பொரியலை அவன் ஓரமாக ஒதுக்கியிருந்தான்.

"நீங்களும் மோந்து பாருங்க வாப்பா. துப்பலாம்."

மோந்தான், முகம் கோணியது. அவள் சிரித்துக்கொண்டே தன் துண்டை நக்கினாள்.

"இப்ப நக்குங்க."

நக்கினான். அவள் கடித்தாள், மெத்து நாக்கில் பட்டதும் துப்பினாள். சாஜிதா அதைத் துடைத்தெடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து சஃப்ரின் தானாகவே இன்னொரு சின்னக் கடி கடித்து விழுங்கினாள்.

"முழுங்கிட்டேன். இப்ப நீங்க!"

"லோடு ஏத்த நேரமாச்சு," என்று ஆசிக் சட்டையைக்கூட மாட்டாமல் புளியறைக்குப் போகும் லாரிக்கு ஓடினான்.

மகளுக்கு அவன் ஒரு கடி பாகற்காய் பாக்கி வைத்திருந்தான்.