பொய்யாகத் திட்டும் விளையாட்டு

லோகநாதனின் பள்ளிக்கூட வேனில் கடைசி இருக்கை லேசில் கிடைக்காது. கடலோரக் குப்பத்துப் பெண்கள் நான்கு பேர் அதைத் தங்கள் பாட்டன் சொத்துபோல வைத்திருந்தார்கள். ஐந்தாவதாக செவ்வந்தி அங்கே உட்கார்ந்தாள் என்றால், அது அவள் வாயாலேயே சம்பாதித்த இடம். அவள் ஏரிக்கரைக் குடிசைக்காரி. குப்பத்துக்காரர்களுக்குப் படகும் வலையும் உண்டு. செவ்வந்தி வீட்டில் இருப்பது கைகள் மட்டும்தான். அவள் அம்மா ஜெயம்மா ஏரியில் குந்தினால் மார்பளவு வரும் தண்ணீரில் உட்கார்ந்து, பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். தலையும் தோளும் மட்டும் வெளியே தெரியும். மெள்ள மெள்ள நகர்வாள். பார்க்கிறவனுக்குக் கொஞ்சம் கெட்ட புத்தி இருந்தால் அது வேறு மாதிரித் தெரியும்.

கடைசி இருக்கையில் தினமும் திட்டு விளையாட்டு நடக்கும். வினோதினிதான் அதற்கு ராணி. ஒருத்தி இன்னொருத்தியின் வீட்டைத் திட்ட வேண்டும், திட்டு வாங்கியவள் அதைவிடப் பெரிதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், யார் சொன்னதற்குச் சிரிப்பு அதிகமோ அவளுக்கு அன்றைக்கு ஜெயம். எல்லாரும் அறிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் ஒன்று உண்டு: சொல்வது பச்சைப் பொய்யாக இருக்க வேண்டும். எவ்வளவு கேவலமானாலும் பரவாயில்லை, நடக்கவே முடியாததாக இருக்க வேண்டும்.

"உங்க நைனா கொறட்ட வுட்டா தொறமுகத்துல கப்பலு தெச மாறிப் போவுதாம்" என்பாள் செவ்வந்தி.

"உங்கம்மா வச்ச கொழம்ப எட்டிப் பாத்துட்டு நண்டு தானா போயி வலைல மாட்டிக்கிச்சாம்" என்று வினோதினி திருப்புவாள்.

இதில் கோபப்பட்டவள் தோற்றாள். அழுதவளும் தோற்றாள். எல்லாரையும்விடக் கேவலமாகத் தோற்பவள், 'அப்படியெல்லாம் இல்லை' என்று மறுக்கிறவள். மறுத்தால், சொன்னதில் ஏதோ உண்மை இருக்கிறது என்று ஆகிவிடும். போன வருஷம் அந்த நால்வரில் ஒருத்தியான திவ்யா ஒருநாள், "எங்கண்ணன் குடிக்கிறத வுட்டுட்டான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் அவளோடு யாரும் விளையாடவில்லை. வினோதினி மனசு வைத்துத்தான் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஏரியில் குந்தி உட்காருவதைப் பற்றி மட்டும் அந்த இருக்கையில் யாரும் பேசியதில்லை. பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. அது பொய் மாதிரி இல்லை, அவ்வளவுதான். செவ்வந்திக்கு இது தெரியும். அம்மா பேச்சு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவளே முந்திக்கொண்டு வேறொருத்தி வீட்டுக் கதவைத் தட்டிவிடுவாள். ஏரியில் குந்தும் அம்மாவை அந்த வேனுக்குள் ஏறவிடாமல் ஒன்றரை வருஷமாகக் காத்துவந்தாள்.

ஏற்றிவைத்தவன் அவள் தம்பி விமல். மூன்று வயது. பால்வாடிக்குப் போகிறான். வழியில் அவனை இறக்கிவிடுவது அக்காவின் வேலை.

அந்த வயசுக்கே உரிய பித்து அவனுக்கும் பிடித்திருந்தது. அப்போதுதான் கால்சட்டையை நனைக்காமல் சொல்லிவிட்டுப் போகப் பழகியிருந்தான். அதற்குமுன் ஆறு மாதமாக வீடே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. வருதா, வரலியா, ஏன்டா இங்க போன, சொல்றதுக்கு இன்னா. பெரியவர்கள் இவ்வளவு பதறுகிற சமாச்சாரத்துக்கு ஒரு சின்னச் சொல் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டான். அதை இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தான். சோற்றைக் காட்டி "கக்கா சோறு" என்றான். அப்பாவின் புருவம் ஏறியது. அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, தரையில் விழுந்து புரண்டான். அப்புறம் கக்கா செருப்பு, கக்கா நிலா, கக்கா நைனா. அதட்டினால் இன்னும் சிரித்தான். அதட்டல்தான் அவனுக்குத் தின்பண்டம். யாரையும் நோகடிக்க அவனுக்குத் தெரியாது. சோறு கக்கா இல்லை என்று நன்றாகத் தெரிந்ததால்தான் அந்தச் சிரிப்பே. முந்தாநாள்வரை தன்னால் முடியாத ஒன்றை இன்று கேலி செய்ய முடிகிற திமிரும் அதில் இருந்தது.

செவ்வந்தியும் அவனைக் கிளப்பிவிடுவாள். "வெளக்கு இன்னாடா?" என்பாள். "கக்கா வெளக்கு." இருவரும் சிரிப்பார்கள்.

அன்றைக்கு ஏரியை ஒட்டிய வளைவில் ஒரு டிப்பர் லாரி குறுக்கே நின்றுவிட, லோகநாதன் வேனை நிறுத்தினார். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரத்தில் ஜெயம்மாவோடு ஏழெட்டுப் பெண்கள் தண்ணீரில் குந்தியிருந்தார்கள். விமல் ஜன்னலில் ஏறி நின்று பார்த்தான்.

"அம்மா கக்கா" என்றான், ஆனந்தமாக.

முன் வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்கு அது போதும். அதுகளுக்கு ஒரு சொல் கிடைத்தால் அதைக் கண்ணில் பட்ட பெயரோடெல்லாம் ஒட்டிப் பாட்டாகக் கத்த வேண்டும். "அம்மா கக்கா, ஏரி கக்கா, டிரைவர் கக்கா." நீதான், நீதான் என்று ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன. நடுவில் ஐந்தாம் வகுப்பு ரமேஷ் இருந்தான். எங்கே குத்தினால் வலிக்கும் என்று கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டது, எங்கே நிறுத்த வேண்டும் என்று இன்னும் தெரியாத வயசு. அவன் பாட்டோடு நிற்கவில்லை. எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதாண்டா இவங்க எறா கறுப்பா கீது" என்றான்.

வினோதினி செவ்வந்தியைப் பார்த்தாள். கோபப்படுவாளா, அழுவாளா, இல்லை என்பாளா? மூன்றும் தோல்வி. செவ்வந்திக்கு, இடம் போய்விடும் என்கிற பயம் அம்மாமேல் இருந்த பாசத்தை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது.

"டேய், நன்றி கெட்டவனே" என்றாள் ரமேஷைப் பார்த்து. "எங்கம்மா போறதாலதான் ஏரில தண்ணியே நிக்குது. கடல்தண்ணி வர்ற மொகத்துவாரம் அடச்சிக்கினா உங்க நைனா எங்கம்மா கால்ல வந்து வியணும்."

கடைசி இருக்கை வெடித்துச் சிரித்தது. வினோதினி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து அவள் தொடையில் அடித்தாள். உண்மை மாதிரித் தெரிந்ததை முடியாத அளவுக்கு ஊதிப் பொய்யாக்கிவிட்டாள் அல்லவா, சட்டப்படி ஜெயம்தான். அன்றுமுதல் வளைவு வந்ததும், "புதுசா ஒண்ணு சொல்லுடி" என்று கேட்டார்கள். அவளும் தினம் ஒன்று சொன்னாள். ஜெயம்மா எழுந்து போனால் ஏரி வற்றும், ஜெயம்மா உட்கார்ந்தால் கொக்குகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆந்திராவுக்குப் பறக்கும். செவ்வந்தி இதுவரை அவ்வளவு சந்தோஷமாக வேனில் போனதில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒருநாள் விமலின் மாற்றுக் கால்சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். அது இல்லாமல் பால்வாடியில் சேர்க்கமாட்டார்கள். வேன் ஊரைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் ஜெயம்மா அதை ஒரு பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போயிருந்தாள். வளைவில் வேன் வந்ததும் தண்ணீரிலிருந்து எழுந்து, புடவை சொட்டச் சொட்ட, பறி கழுத்தில் தொங்கச் சாலைக்கு ஓடிவந்து கை காட்டினாள். லோகநாதன் நிறுத்தினார்.

விமலுக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மா கக்கா" என்று கத்தினான். பொடிசுகள் எல்லாம் பாட்டை எடுத்துக்கொண்டன.

ஜெயம்மா பையை ஜன்னல்வழி நீட்டிச் சிரித்தாள். பிள்ளைகள் சிரித்தால் அவளும் சிரிப்பாள். "இன்னா பாட்றாங்க?" என்றாள்.

டிரைவருக்குப் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு பிரவீன் இருந்தான். அந்த வயசுக்காரர்கள் திட்டமாட்டார்கள், பாராட்டுவார்கள். "ஒண்ணும் இல்லக்கா" என்றான் மிக மரியாதையாக. "உங்க பொண்ணு உங்களப் பத்தி ரொம்ப அழகா பேசுது. எங்களுக்கெல்லாம் பெருமையா கீது. நீங்களும் கேளுங்க."

"அப்பிடியா? இன்னா பாப்பா சொன்ன?"

செவ்வந்தி 'ஒண்ணுமில்லம்மா' என்றிருக்கலாம். வேன் கிளம்பியிருக்கும். ஆனால் வேன் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, வினோதினி முழங்கையால் இடித்தாள். "சொல்லுடி."

சொன்னாள். ஏரியில் தண்ணீர் நிற்பது எதனால் என்று அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். சிரிப்பு இருக்கைக்கு இருக்கை தாவியது.

ஜெயம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் மாறியது. ஆனால் மகள்மேல் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. அவள் வேனுக்குள் இருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவர்கள் எல்லாரும் தான் பிடித்த இறாலைச் சாப்பிடுகிறவர்கள் என்பதுதான் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்லத் தொடங்கினாள்.

"இல்ல கண்ணு. அப்பிடி இல்ல. நாங்க தண்ணில போவமாட்டோம். நாம துன்றது ஆச்சே, அதுல யாராச்சும் போவாங்களா? விடியறதுக்குள்ள தோப்பு பக்கம் போனதோட சரி. அப்பறம் ஏரிய வுட்டு ஏறுறவரைக்கும் அடக்கிக்கினுதான் குந்திகினு இருப்போம். ஒண்ணுக்குகூட போவ மாட்டேன். அடக்கி அடக்கி எனக்கு நீர்க்கடுப்பு. போன மாசம் ரத்தமா போச்சி. ஆஸ்பத்திரில கேளுங்க. டாக்டரம்மா திட்டுச்சி, ஏன் அடக்கறனு. வேணும்னா பாருங்க, கை கழுவிட்டுதான் பறியத் தொடுவேன்."

சேறு அப்பிய இரண்டு கைகளையும் ஜன்னலுக்குள் நீட்டிக் காட்டினாள்.

யாரும் சிரிக்கவில்லை. பொடிசுகள்கூடப் பாட்டை நிறுத்திவிட்டன. ரமேஷ் தன் செருப்பைப் பார்த்தான். லோகநாதன் முன்னால் திரும்பி, "சரிம்மா, நேரமாவுது" என்று கியரைப் போட்டார். விமல் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தான். அம்மா இவ்வளவு நேரம் நின்று அந்தச் சமாச்சாரத்தைப் பற்றியே பேசியது அவனுக்கு அளவில்லாத சந்தோஷம்.

சாயங்காலம் ஜெயம்மா செவ்வந்தியைத் திட்டவில்லை. சோறு போடும்போது மெதுவாகக் கேட்டாள். "நான் சரியாத்தான சொன்னேன் பாப்பா? அதுங்க நம்புச்சிங்களா?"

"நம்புச்சிங்க" என்றாள் செவ்வந்தி. அவளுக்கு அம்மாவைப் பளாரென்று அறைய வேண்டும்போல இருந்தது. மடியில் விழுந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் கடைசி இருக்கையில் அவளுக்கு இடம் இருந்தது. தள்ளி உட்கார்ந்து கூடுதலாகவே இடம் விட்டார்கள். வினோதினி ஆரம்பித்தாள், திவ்யாவின் அண்ணனை ஒரு பிடி பிடித்தாள், திவ்யா திருப்பினாள், மூன்றாமவள் வினோதினியின் சித்தியை இழுத்தாள். முறை செவ்வந்தியிடம் வந்தது. வந்து, நிற்காமல் தாண்டி அடுத்தவளிடம் போனது.

செவ்வந்தி விடவில்லை. "ஏய் வினோ, உங்க நைனா மூஞ்சப் பாத்து கடலே ரெண்டு அடி பின்னால போச்சாம்" என்றாள்.

வினோதினி சிரித்தாள். உதட்டால் மட்டும் சிரித்தாள். "நல்லா கீது" என்றாள்.

"திருப்பிச் சொல்லுடி."

"வேணாம்பா."

"ஏன் வேணாம்? எங்கம்மாவச் சொல்லு. இன்னா வேணா சொல்லு, எனக்கு ஒண்ணும் இல்ல. நேத்து சொன்னதயே சொல்லு."

மற்ற மூன்று பேரும் வெளியே பார்த்தார்கள். வேன் வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது. வினோதினி, இதுவரை அந்த இருக்கையில் யாரும் யாரிடமும் பேசாத ஒரு குரலில், பெரிய மனுஷிபோலக் கேட்டாள்.

"உங்கம்மாக்கு இப்போ ஒடம்பு பரவால்லியா?"

"பரவால்ல" என்றாள் செவ்வந்தி.