வெயிலுக்கு அப்புறம் இரண்டு பக்கம்

பேராசிரியர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"'வெயில் அவள் முகத்தில் விழுந்தது.' அவ்வளவுதான்," என்று கண்ணாடியைக் கழற்றினார்.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்தின் நடுவில் அக்கா வெள்ளைப் போர்வைக்குள் கிடக்கிறாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுத்தே காலம் தள்ளியவள், எழுதியது ஒரே நாவல். அதன் கடைசி அத்தியாயத்தைப் படித்த பிறகுதான் தன்னை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வாசிக்க வந்தவரோ இரண்டு பக்கத்தை மிச்சம் வைத்து மூடுகிறார்.

"சார், இன்னும் இருக்கு."

"இருக்கும்மா. அது வேண்டாம்." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "உலகத்துல எல்லா மொழியிலயும் இருக்கிற கதை இது. ஒருத்தி பாதாளத்துக்கு இறங்குறா. ஒவ்வொரு வாசல்லயும் ஒண்ணைக் கழட்டிக் குடுக்கிறா. வெறுங்கையோட சாவைப் பார்க்கிறா. புது மனுஷியா மேல வர்றா. இறக்கம், மீட்சி. வட்டம் முழுசாயிடுச்சு. அதுக்கப்புறம் வர்றது கைதவறி எழுதினது. புதுப் பதிப்புல அந்த ரெண்டு பக்கத்தை எடுத்துடலாம்னு வீட்டுக்காரர்கிட்டச் சொல்லியிருக்கேன்."

அத்தான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆயுசுக்கும் பஸ் ஓட்டிய மனிதர். புத்தகமென்றால் காத தூரம் ஓடுவார். படித்தவர் சொல்கிறாரே என்று தலையாட்டியிருப்பார், பாவம்.

பேராசிரியர் சொன்னது முழுப்பொய் என்றாலாவது தங்கைக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் இலக்கியம் நடத்துகிறவள் அவள். இந்த வட்டத்தை அவளும் எத்தனையோ முறை கரும்பலகையில் போட்டிருக்கிறாள். அதற்காக, கையில் அளவுகோல் இருக்கிறது என்று அளவுக்கு மிஞ்சியதையெல்லாம் வெட்டி எறிவதா? அதுவும் எழுதியவள் எழுந்து கேட்க முடியாத நாளில்!

"கொடுங்க சார் அந்தப் புத்தகத்தை."

"டீச்சர்..." என்றார் அத்தான். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

"நீங்க சும்மா இருங்க அத்தான். அக்கா பொண்டாட்டியா இருந்தது உங்களுக்கு. எழுதினது எல்லாருக்கும்." அவள் பேராசிரியர் பக்கம் திரும்பினாள். "வாசல் வாசல்னு சொன்னீங்களே, அங்க என்ன போச்சுன்னு சொன்னீங்களா? ஆஸ்பத்திரியில முதல் படிக்கட்டுல காவலாளி பையை வாங்கி வைக்கிறான். அடுத்த தளத்துல குமாஸ்தா அடையாள அட்டையை வாங்கிக்கிறான். பிணவறை வாசல்ல செருப்பு. பாதாளத்துக்குப் போறவ மகுடத்தைக் கழட்டுவா. இவ கழட்டுறது தேஞ்சுபோன செருப்பு. உள்ள கிடக்கிறது அவ புருஷன்கூட இல்ல, வேற யாரோ. புருஷன் செத்துட்டான்னு தப்பாக் கூப்பிட்டுட்டாங்க. சாவைப் பார்த்துப் புது மனுஷி ஆனாளாம்! அவ ஓடி வர்றது சந்தோஷத்துல சார். இன்னொருத்தன் செத்ததுக்கு வந்த சந்தோஷம். அதோட வெயில்ல விட்டுட்டா அவளுக்கு என்ன மரியாதை?"

"அமைப்புன்னு ஒண்ணு இருக்கும்மா," என்றார் அவர், குரல் சற்று இறங்கி.

"இருக்கு. யார் இல்லேன்னா? அது இருக்கிறதாலதான் அடுத்த பக்கம் உறைக்குது." பதிலுக்குக் காத்திராமல் அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் படிக்கத் தொடங்கினாள்.

வெயிலில் நிற்பவளை உரசிக்கொண்டு இன்னொருத்தி உள்ளே நுழைகிறாள். கையில் பை, கண் தரையில். கீழே கிடப்பவன் யாருடைய புருஷன் என்று இவளுக்குப் புரிகிறது. இவள் திரும்பி, அவளோடு மறுபடி இறங்குகிறாள். காவலாளி கை நீட்டுகிறான். 'பை என்கிட்ட இருக்கும்' என்கிறாள் இவள். குமாஸ்தா கேட்பதற்கு முன்பே அட்டையை வாங்கி நீட்டுகிறாள். கடைசி வாசலில் குனிந்து, அந்தப் பெண் கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறாள். அவள் உள்ளே போக, கதவு சாத்திக்கொள்கிறது. இவள் வெளியே சுவரோரம் நிற்கிறாள். நாவல் அங்கே முடிகிறது. யாரும் மேலே வரவில்லை.

கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா," என்றார் அத்தான், தரையைப் பார்த்தபடி. "அந்தப் பொம்பளை எவ்வளவு நேரம் அங்கயே நின்னா?"

"அக்கா எழுதல அத்தான்."

அவர் தலையாட்டினார். பிறகு பேராசிரியரைப் பார்த்து, "அந்த ரெண்டு பக்கத்துல கை வைக்காதீங்க சார்," என்றார்.

வண்டிக்காரர் வாசலில் வந்து, "எடுத்துடலாமாங்க?" என்று கேட்டார்.

அத்தான் நாற்காலியை அக்காவின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருப்பா," என்றார். "டீச்சர், அதை இன்னொரு தரம் படி. மெதுவா."