படியில் ஊற்றிய தண்ணீர்

அன்று நெல் கொட்டிவைக்கும் குதிர் இருந்த அறையில் நின்றவர்கள் மூன்று பேர்: வீட்டின் மூத்த மகனான பெரியவர், அவருடைய தம்பி, அறைச் சாவியை வைத்திருந்த கடைசித் தங்கை. பாகம் பிரிப்பதற்காக வீட்டிலுள்ள தானியத்தை லிட்டரில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அறுவடையில் வீட்டுப் படியால் அளந்து கொட்டிய நெல் இருபது மரக்கால். மரக்காலுக்கு எட்டுப் படி, படிக்கு 1.6 லிட்டர் என்று தம்பி பெருக்கினான். 256 லிட்டர் இருக்க வேண்டும். லிட்டர் குவளையால் அளந்தபோது 224தான் வந்தது.

“முப்பத்திரண்டு லிட்டருக்குக் கால் முளைச்சிடுச்சா? சாவி உன் இடுப்புலதானே இருந்துச்சு?” என்றான் தம்பி.

தங்கை வீட்டுப் படியில் தண்ணீரை நிரப்பி, கோடு போட்ட குவளையில் ஊற்றிக் காட்டினாள். ஒரு லிட்டரும் நானூறு மில்லியும்தான்.

“படியே சின்னதுண்ணே. நான் எடுக்கலை.”

பெரியவர் படியைக் கையில் வாங்கினார். அப்பா காலத்திலிருந்து ஆட்களுக்குக் கூலி நெல் அளந்ததும் இதே படிதான். உண்மையை எழுதினால் ஊரே அப்பாவின் பெயரைச் சொல்லிக் காறித் துப்பும்.

“குறைவு முப்பத்திரண்டு லிட்டர்னு மட்டும் எழுது. காரணம் எழுதாதே” என்றார்.

“அப்ப நான் கள்ளியாண்ணே?”

அவர் படியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை சாவியைக் குதிரின்மேல் வைத்துவிட்டுப் போனாள். பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

நெல்லைத் திருடி விற்றதால் அவளைத் துரத்திவிட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. அவள் ஒரு மணி நெல்லும் எடுக்கவில்லை. யாரும் துரத்தவும் இல்லை. படி சின்னது.