தேநீருக்குப் பிறகு உட்கார்ந்திருந்தவர்கள்

சின்னவேடம்பட்டி பம்பு கம்பெனியின் மனிதவளப் பிரிவு என்றால் அது அகல்யா ஒருத்திதான். முப்பது கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அதிகாரிகளுக்கு அவள் அழைப்பு அனுப்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. எல்லாம் முறையாகத்தான் எழுதியிருந்தாள். பணி: பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர், இருபது இடங்கள். தகுதி: மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் பிரிவுகள், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் அறுபது சதவீதம், அரியர் இருக்கக் கூடாது. தேதி: செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் கல்லூரிக்கு வசதிப்பட்ட ஏதாவது ஒரு நாள். தங்கள் வளாகத்தில் நேர்காணல் நடத்த அனுமதிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம் என்று முடித்திருந்தாள். முப்பதில் இருபத்தாறு கல்லூரிகள் வாயே திறக்கவில்லை. மூன்று கல்லூரிகள் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, ஜனவரிக்கு மேல் பார்க்கலாம் என்று நாசூக்காகக் கழற்றிவிட்டன.

முதலாளி இந்த முறை பொறுப்பதாக இல்லை. போன வருடம் பெரிய கல்லூரிகளாகப் பார்த்து எடுத்த பதினைந்து பேரில் ஏழு பேர் சேரவே வரவில்லை. சேர்ந்த எட்டில் ஆறு பேர் தீபாவளி போனஸோடு காணாமல் போனார்கள். இந்த வருடமும் இப்படியே ஆனால் ஆள் எடுக்கும் வேலையை ஏஜென்சியிடம் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அப்படிக் கொடுத்தால் அகல்யாவுக்கு அங்கே செய்ய வேலையென்று ஒன்றும் மிஞ்சாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முப்பதாவது கல்லூரியிலிருந்துதான் போன் வந்தது. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிற கல்லூரி. பேசியவர் பழனாத்தாள். மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர். வேலைவாய்ப்புப் பொறுப்பும் அவர் தலையில்தான்.

"அகல்யாங்களா? உங்க மெயில் பார்த்தேனுங்க. பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர்னு போட்டிருக்கீங்க. சந்தோசம். காலையில எட்டு மணிக்கு அவன் எங்க நிப்பான்?"

அகல்யாவுக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. "புரியலைங்க மேடம்."

"ஃபேக்டரிக்குள்ள நிப்பானா, கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருவானா, இல்ல யாராவது தோட்டத்துல கிணத்தை எட்டிப் பார்த்துட்டு நிப்பானா?"

"பாதிப் பேருக்கு மேல கிணத்தடிதாங்க மேடம். சர்வீஸ்."

"அப்ப அதைத்தானே எழுதோணும். இன்னொண்ணு. பன்னெண்டாவது மார்க் கேட்டிருக்கீங்க. பாலிடெக்னிக் முடிச்சுட்டு நேரா ரெண்டாம் வருசத்துல வந்து சேர்ந்த பசங்க என்கிட்ட நாப்பது பேர் இருக்காங்க. மோட்டாரைக் கழட்டி மாட்டத் தெரிஞ்ச பசங்க அவங்கதான். பன்னெண்டாவது மார்க்குக்கு அவங்க எங்கீங்க போவாங்க?"

அகல்யா நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரோ எப்போதோ எழுதி வைத்த தகுதி வரியை வருடா வருடம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தாள். தங்களுக்கு வேண்டிய ஆட்களைத் தானே கதவைச் சாத்தி வெளியே நிறுத்தியிருந்தது இப்போதுதான் உறைத்தது. 'பன்னிரண்டாம் வகுப்பு அல்லது டிப்ளமோ' என்று உடனே திருத்திவிடுவதாகச் சொன்னாள்.

"செப்டம்பர் ஆகாதுங்க, இன்டர்னல் பரீட்சை இருக்குது. ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை தரேன். அதுவரைக்கும் வேற கம்பெனி வராது, நீங்கதான் முதல்ல."

முதல் நாளா? அகல்யாவுக்குக் காது குளிர்ந்தது. எந்தக் கல்லூரியும் முதல் நாளைப் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிக்குத்தான் எடுத்து வைக்கும்.

"ஒரு கண்டிசன் இருக்குதுங்க. உங்க ஸ்லைடெல்லாம் வேண்டாம். போன வருசம் சேர்ந்து இன்னும் அங்கயே இருக்கிற ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. அவர் பேசட்டும்."

காது குளிர்ந்ததெல்லாம் அதோடு போயிற்று. மிச்சமிருந்தது இரண்டே பேர். ஒருவன் ஒரிசாவில் ஒரு சுரங்கத்தில் பம்பு மாட்டிக்கொண்டிருந்தான். மற்றவன் முபாரக். வேலையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் கம்பெனியைப் பற்றிக் குறை சொல்வதில் அவனை அடிக்க ஆளில்லை.

"சரிங்க மேடம். ஆனா ஏன் இப்படின்னு கேட்கலாமா?"

"எங்க காலேஜ்ல ஒரு பையனுக்கு ஒரு வேலைதானுங்க. ஆகஸ்ட்ல உங்ககிட்ட வேலை வாங்குனவனை அக்டோபர்ல வர்ற கம்பெனிக்கு நான் உட்கார விடமாட்டேன். நாலு பேருக்குக் கிடைக்க வேண்டியதை ஒருத்தனே அள்ளிட்டுப் போகக் கூடாதில்ல. அப்ப நீங்க ஒண்ணு சொல்லி, அங்க வேற ஒண்ணா இருந்துச்சுன்னா, அவன் கதி என்னாகறது?"

முபாரக்கையே கூட்டிவருவதாகச் சொல்லி அகல்யா போனை வைத்தாள். இத்தனை வருடம் எத்தனையோ கல்லூரிகளில் வளைத்து வளைத்துப் பேசியிருக்கிறாள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை கம்பெனி காரில் மூன்று பேர் கிளம்பினார்கள். அகல்யா, முபாரக், நேர்காணல் செய்யத் தொழிற்சாலை மேலாளர் குப்புராஜ். பல்லடம் தாண்டும்வரை குப்புராஜ் முபாரக்குக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, அங்க போயி உன்ற புராணத்தைப் பாடிராத. நாலு வார்த்தை நல்லதா சொல்லிட்டு உட்காந்துக்க."

"நல்லது நாலு இருந்தாச் சொல்ல மாட்டனா சார்" என்றான் முபாரக்.

அகல்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதைச் சொல்லாதே என்று ஒருவனிடம் சொல்கிறோமோ, அதுதான் முதலில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

பழனாத்தாள் வாசலுக்கே வந்து நின்றார். கைத்தறிச் சேலை, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். அரங்கம் நிறைந்திருந்தது. நூற்றைம்பது பேர் இருப்பார்கள். இஸ்திரி போட்ட சட்டை, இரவல் ஷூ, மடியில் ஃபைல். அகல்யா கம்பெனியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாள். அப்புறம் முபாரக் எழுந்தான்.

"நான் சர்வீஸ் இஞ்சினியர். இஞ்சினியர்னு சொன்னா எங்க வீட்லயே நம்ப மாட்டாங்க. சட்டையைப் பார்த்தா அப்படி இருக்கும்" என்று ஆரம்பித்தான். சிரிப்பு எழுந்தது. "தோட்டத்துக்காரரு போன் பண்ணுவாரு. மோட்டார் ஓடலைனு நம்ம அப்பா அம்மாவையெல்லாம் சேர்த்துத் திட்டுவாரு. கரண்ட் எப்ப வருமோ அப்பத்தான் வேலை. ஞாயித்துக்கிழமை லீவுன்னு ஆர்டர்ல இருக்கும். பயிர் காயறவருக்கு ஞாயிறு ஏது? பதிலுக்கு மாத்து லீவு தரேம்பாங்க. எனக்கு இன்னும் தரல."

குப்புராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அகல்யா தரையைப் பார்த்தாள். வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அப்புறம் ஏனுங்க அண்ணா நீங்க போகல?"

முபாரக் தலையைச் சொறிந்தான். "போலாம்னு ஆறு மாசம் தினமும் நெனச்சேன். அப்புறம் மூலனூர் பக்கம் ஒரு வேலை. ரெண்டு கம்பெனிக்காரங்க பார்த்துக் கைவிட்ட மோட்டார். எனக்கும் மூணு நாள் பிடிபடல. நாலாம் நாள் கண்டுபிடிச்சுட்டேன். தண்ணி வந்துச்சு. மூணு நாளும் என்னைத் திட்டுன தோட்டத்துக்காரப் பெரியவரு போயி மொத செம்புத் தண்ணியை எனக்குக் கொண்டாந்து குடுத்தாரு. குடிச்சேன், சேறா இருந்துச்சு. இந்த வேலையில எனக்கு எதாவது தெரியுதுன்னா அது அங்கதான் தெரிஞ்சுது. அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டான்.

பழனாத்தாள் மேடைக்கு வந்தார். "கேட்டீங்கல்ல கண்ணுகளா. இப்ப டீ குடிங்க. இது நமக்கு ஒத்து வராதுன்னு தோணுச்சுன்னா டீயைக் குடிச்சுட்டு அப்படியே வகுப்புக்குப் போயிருங்க. பேரு குடுத்துட்டு வராதவங்கள அடுத்த கம்பெனிக்கு விட மாட்டோம்ங்கற சட்டம் இன்னைக்குக் கிடையாது. யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. வெட்கப்படவும் வேண்டாம்."

டீ முடிந்து அகல்யா திரும்பி வந்தபோது அரங்கம் ஹோவென்று கிடந்தது. ஐம்பது பேர்கூட இல்லை. சுண்டல் காகிதங்கள்தான் இருக்கைகளில் மிச்சம். குப்புராஜ் அவள் காதருகே குனிந்தார்.

"நல்லா ஆள் புடிச்சம்மா. இந்தப் பையன் பேசுனது பத்தாதுன்னு அந்தம்மா வேற கதவைத் திறந்து விட்டுப்போட்டாங்க. முதலாளிகிட்ட நீயே சொல்லிக்க."

அகல்யா பழனாத்தாளைத் தேடிப் போனாள். அவர் வராந்தாவில் போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் கல்லூரித் தாளாளர் என்பது கேட்டவுடனே தெரிந்தது. "ஆமாங்கய்யா, நூறு பேர் போயிட்டாங்கதான். இல்லீங்கய்யா, பேப்பர்ல போடற எண்ணிக்கைக்காக நான் இதைச் செய்யறதில்ல. அப்படித்தான் வேணும்னா இந்தப் பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துருங்க." குரல் உயரவேயில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் அகல்யாவைப் பார்த்துப் புன்னகைத்தார். "டெஸ்ட்டை ஆரம்பிக்கலாமுங்களா?"

கேட்க வந்த எதையும் அகல்யா கேட்கவில்லை. தன் வேலை போய்விடுமே என்று அவள் காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருக்க, இந்த அம்மாள் தன் பொறுப்பையே தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு டெஸ்ட்டுக்குக் கூப்பிடுகிறார். அந்த இடத்திலேயே அகல்யாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. கொஞ்சம் பொறாமையும் வந்தது.

எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிய மாலையாயிற்று. குப்புராஜ் காலையில் இருந்த முகத்தோடு இல்லை. முக்கால்வாசிப் பேர் அவரிடமே திருப்பிக் கேள்வி கேட்டிருந்தார்கள். கேள்வி கேட்ட அந்த முதல் வரிசைப் பெண், ஒரு பம்பு ஏன் தண்ணீரை விட்டுக் காற்றை இழுக்கிறது என்று அவருக்குப் படம் போட்டே காட்டிவிட்டாள். பதினெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இருபது கிடைக்கவில்லை. அதில் பதினொரு பேர் பாலிடெக்னிக் வழியாக வந்தவர்கள்.

முதலாளி எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு, "சேரட்டும், பார்க்கலாம்" என்றார். அதற்கு அர்த்தம் அகல்யாவுக்குத் தெரியும். ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டவன் அடுத்த ஜூலைக்குள் நூறு தடவை மனம் மாறலாம். கம்பெனிகளுக்கு அது பழகிப்போன விஷயம். அதனால்தான் சேரும் நாளன்று பயிற்சிக் கூடத்தில் பாதி நாற்காலிதான் போடுவது அங்கே வழக்கம். காலி நாற்காலிகளைப் பார்த்தால் வந்தவனுக்கும் சந்தேகம் வந்துவிடும் என்பார் குப்புராஜ்.

ஜூலை முதல் திங்கட்கிழமை அகல்யா ஒன்பது நாற்காலிதான் போடச் சொல்லியிருந்தாள். எட்டரைக்கு வந்தபோது கேட்டில் கூட்டமாக இருந்தது. எண்ணிப் பார்க்கத் தைரியமில்லாமல் பயிற்சிக் கூடத்துக்குள் போய் நின்றாள். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நாற்காலி நிறைந்தது. பின்னாலும் வந்துகொண்டேயிருந்தார்கள். அந்த முதல் வரிசைப் பெண் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாங்க வர மாட்டோம்னு நெனச்சுட்டீங்களா மேடம்?" என்றாள். அகல்யா பதில் சொல்வதற்குள் அவர்களே கேண்டீனுக்குப் போய் நாற்காலி தூக்கி வந்துவிட்டார்கள். பதினெட்டு. முதலாளி கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனார். போகும்போது அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

அகல்யா வெளியே வந்து பழனாத்தாளுக்குப் போன் செய்தாள். பேச ஆரம்பித்ததும் குரல் உடைந்துவிட்டது. "எல்லாரும் வந்துட்டாங்க மேடம். ஒருத்தர்கூட விட்டுப்போகல. உங்களாலதான். ரொம்ப நன்றிங்க. இந்த வருசமும் ஆகஸ்ட்லயே ஒரு தேதி குடுத்தீங்கன்னா…"

"தரலாமுங்க" என்றார் பழனாத்தாள். "அந்த முபாரக்குக்கு மாத்து லீவு குடுத்தாச்சுங்களா?"

அகல்யா திரும்பிப் பார்த்தாள். பயிற்சிக் கூடத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முபாரக் பழைய மோட்டார் ஒன்றை மேசைமேல் ஏற்றிவைத்து, சுற்றி நின்ற பதினெட்டுப் பேருக்கும் அதைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றும் அவன் தாராபுரத்தில் ஒரு கிணற்றடியில்தான் இருந்தான்.

"இல்லீங்க மேடம்."

"குடுத்துட்டுக் கூப்பிடுங்க. தேதி தரேன்."

போன் நின்றுவிட்டது. அகல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முபாரக்கின் லீவுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய குப்புராஜின் அறைக்கு நேராகப் போய்க் கதவைத் தட்டினாள்.